புல்லுக்கு மேலே ஒரு கண்: கீரி ஏன் எழுந்து நிற்கிறது?

(பதுளை, ஸ்பிரிங்வெளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



நமுனுகுல மலையின் சரிவில் இருக்கும் இந்த ஊரில் பேச வாய்ப்புக் கிடைத்தபோது, இங்குள்ள ஒவ்வொருவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு காட்சியையே பொருளாக எடுத்துக்கொண்டேன். தோட்டத்து வீதியோரப் புல்லில் எதையோ தோண்டிக்கொண்டிருக்கும் கீரி சட்டென்று தோண்டுவதை விடுகிறது. முன்னங்கால்களைத் தரையிலிருந்து தூக்கிப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறது. சில நொடிகளில் மறுபடியும் தரைக்கு வந்து வேலையைத் தொடர்கிறது, அல்லது கானுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அது ஏன் அப்படி நிற்கிறது?

“ஆபத்து வருகிறதா என்று பார்க்கிறது” என்று எல்லோரும் சொல்வோம். அது சரியான விடைதான். ஆனால் பாதி விடை. ஆபத்து எங்கும் உண்டு. கீரி எங்கும் நிற்பதில்லை. ஓரிடத்தில் அடிக்கடி நிற்கிறது, சில அடி தள்ளி ஒருமுறைகூட நிற்காமல் போகிறது. இந்த வேறுபாட்டை விளக்கினால்தான் விடை முழுமையாகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீரி எழுந்து நிற்குமா நிற்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதைச் சுற்றியிருக்கும் மறைப்பின் உயரம். நாலு காலில் நிற்கும்போது கண் இருக்கும் உயரத்துக்கும், நிமிர்ந்து நிற்கும்போது கண் எட்டும் உயரத்துக்கும் இடையில் மறைப்பு இருந்தால் நிற்பதில் பயன் உண்டு. அந்த இடைவெளிக்குக் கீழேயோ மேலேயோ மறைப்பு இருந்தால் நிற்பது வீண்வேலை. கீரி வீண்வேலை செய்வதில்லை. இதை ஐந்து பகுதிகளாக விரிக்கிறேன்.

1. எல்லா நிமிர்வும் நோட்டம் அல்ல

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கீரி இனங்கள் பின்னங்காலில் நிமிர்வதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. அவற்றைக் கலந்துவிட்டால் எந்த விளக்கமும் நிலைக்காது.

ஒன்று, குளிர் காய்வது. தென்னாபிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் வாழும் மீர்க்கட் என்ற சிறு கீரியினம் காலையில் வளையிலிருந்து வெளியே வந்ததும் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். அதன் வயிற்றில் மயிர் குறைவு, தோல் கறுப்பு. இரவுக் குளிரில் இழந்த சூட்டை வெயிலில் வயிற்றைக் காட்டி மீட்டுக்கொள்கிறது. உலகம் முழுவதும் பரவியிருக்கும் மீர்க்கட் படங்களில் பல இந்தக் காலைக் குளிர்காய்தலைக் காட்டுபவை. மக்கள் அவற்றைக் காவல் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இரண்டு, உணவை உடைப்பது. முட்டை, நத்தை, நண்டு போன்ற கடின ஓடுள்ள இரையைச் சில கீரி இனங்கள் முன்னங்கால்களில் பிடித்து எழுந்து தரையில் அடித்து உடைக்கும். வேறு சில பின்னங்கால்களுக்கு இடையே பின்னோக்கி எறிந்து கல்லில் மோதவைக்கும். இங்கும் உடல் உயர்கிறது. ஆனால் கண் இரைமீதுதான் இருக்கிறது.

மூன்று, நோட்டம் பார்ப்பது. இதுதான் நம் பொருள். இதை மற்ற இரண்டிலிருந்து பிரித்தறிவது கடினமல்ல. குளிர் காயும் விலங்கின் வயிறு எப்போதும் சூரியன் பக்கம் இருக்கும், நிற்கும் நேரமும் நீளும். நோட்டம் பார்க்கும் விலங்கு சூரியனைப் பொருட்படுத்துவதில்லை. உடல் அசையாமல் இருக்கத் தலை மட்டும் திரும்பும். சில நொடிகளில் முடிந்துவிடும். முடிந்தபின் அது செய்வதும் முக்கியம். ஒன்று, விட்ட வேலையைத் தொடரும். இல்லையேல் மறைவிடத்துக்கு ஓடும். இந்த இரண்டு முடிவுகளில் எதை எடுப்பது என்று தெரிந்துகொள்ளவே அது நின்றிருக்கிறது.

2. தாழ்ந்த கண், புதைந்த தலை

இலங்கையில் நான்கு வகைக் கீரிகள் உண்டு: சாம்பல் கீரி, செங்கீரி, பழுப்புக் கீரி, கழுத்தில் கறுப்புப் பட்டை கொண்ட பெரிய கீரி. கடைசியாகச் சொன்னதே ஆசியக் கீரிகளில் மிகப் பெரியது. செங்கீரியை வாலைக் கொண்டு அடையாளம் காணலாம். வால் நுனி கறுப்பு, நடக்கும்போது அது மேல்நோக்கி வளைந்திருக்கும். நான்குக்கும் பொதுவான உடலமைப்பு ஒன்றுண்டு: நீண்ட உடல், குட்டைக் கால்கள், உள்ளிழுக்க முடியாத நீண்ட நகங்கள்.

குட்டைக் கால்களால் கீரிக்கு இலாபம் உண்டு. புதருக்கடியிலும் பொந்துக்குள்ளும் புகுந்து எலியையும் பாம்பையும் துரத்த முடிகிறது. அதற்கான விலை கண்ணின் உயரம். சாம்பல் கீரியின் உடல் வால் நீங்கலாக ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம். ஆனால் நாலு காலில் நடக்கும்போது அதன் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உடல் நீளமாகவும் கால் குட்டையாகவும் இருப்பதால், அந்த உடலை நிமிர்த்தினால் கிடைக்கும் உயர்வு மிகப் பெரியது. நிமிர்ந்த கீரியின் கண் ஏறத்தாழ 35 சென்டிமீட்டரில் இருக்கும். அதாவது கண்ணின் உயரம் மும்மடங்காகிறது. நெடிய கால்களுள்ள மான் பின்னங்காலில் எழுந்தாலும் இத்தனை மடங்கு உயர்வு அதற்குக் கிடைக்காது. நின்று பார்க்கும் பழக்கம் குட்டைக்கால் விலங்குகளிடையே பரவலாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

நிற்பதற்கான உறுப்புகளும் அதனிடம் இருக்கின்றன. பின்னங்காலின் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொள்ள அதனால் முடியும். பின்னால் நீண்ட வால் இருக்கிறது. இரண்டு பாதங்களும் வாலும் சேர்ந்து மூன்று ஊன்றுகோல்களாகின்றன.

உணவு தேடும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீரி தன் இரையில் பெரும்பகுதியை மண்ணிலிருந்து எடுக்கிறது: வண்டு, புழு, பல்லி, எலிக்குஞ்சு. மூக்கை மண்ணில் வைத்து முகர்கிறது, நகத்தால் கிளறுகிறது, தலையைக் குழிக்குள் விடுகிறது. அந்த நேரத்தில் அதன் கண்ணுக்கு முன்னால் இருப்பது மண் மட்டுமே. மாடு மேயும்போதுகூட ஓரளவு சுற்றிலும் பார்க்கும். தோண்டும் கீரியால் அது முடியாது. ஆகவே தின்பதையும் கவனிப்பதையும் அது மாற்றி மாற்றித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கண்மணியின் வடிவம் இங்கே கவனிக்கத்தக்கது. பூனையின் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். கீரியினுடையது கிடைவாக்கில் நீண்டது. ஊனுண்ணிகளில் இது அரிது. கிடையான கண்மணி ஆடு, குதிரை போன்ற மேய்ச்சல் விலங்குகளுக்கே பெரும்பாலும் உண்டு. பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸும் அவர் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. கிடையான கண்மணி தரைமட்டத்தில் இடமும் வலமும் இருந்து வரும் ஒளியைக் கூடுதலாக உள்வாங்குகிறது, மேலிருந்து கூசும் வெயிலைக் குறைக்கிறது. தரையோடு வரும் எதிரியைக் கண்டுகொள்ள ஏற்ற கண் அது. பாம்பைக் கொல்லும் வீரனாகவே நாம் எண்ணிப் பழகிய விலங்கு, கண்ணின் அமைப்பில் இரையாகும் விலங்குகளோடும் சேர்ந்து நிற்கிறது. அது வேட்டையாடி. வேட்டையாடப்படுவதும் அதுவே. கழுகு, நரி, சிறுத்தை எதற்கும் அது இரையாகலாம். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக லயத்து நாய்களுக்கு அது அஞ்ச வேண்டியிருக்கிறது.

3. மறைப்பின் உயரம்: ஒரு கணக்கு

இப்போது மையக் கருத்துக்கு வருகிறேன். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்கு இது.

வீதியோரப் புல் 25 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கீரி தோண்டும் இடத்தைச் சுற்றி அரை மீட்டர் வெற்றுத்தரை இருக்கிறது. கண் 12 சென்டிமீட்டரில். அந்தக் கண்ணிலிருந்து முன்னாலிருக்கும் புல்லின் நுனியைத் தொட்டு ஒரு நேர்கோடு வரையுங்கள். அரை மீட்டர் தூரத்தில் கோடு 13 சென்டிமீட்டர் ஏறுகிறது. அப்படியே போனால் ஒவ்வொரு மீட்டருக்கும் 26 சென்டிமீட்டர் ஏறும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் எதுவும் கீரிக்குத் தெரியாது.

ஒரு நாய் வருகிறது. முதுகு வரை அதன் உயரம் அரை மீட்டர். கோடு 50 சென்டிமீட்டர் உயரத்தை எட்டுவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரத்தில். ஆகவே நாய் ஒன்றரை மீட்டருக்குள் வந்த பிறகுதான் கீரியின் கண்ணில் படும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாயும் நாய்க்கு அந்தத் தூரம் ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரம். அதற்குள் கீரி எதுவும் செய்ய முடியாது.

அதே கீரி நிமிர்கிறது. கண் 35 சென்டிமீட்டருக்குப் போகிறது. புல் நுனி இப்போது கண்ணுக்குக் கீழே. பார்வைக் கோடு ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது. 20 மீட்டர் தூரத்தில் வரும் நாயின் மேற்பாதி அதற்குத் தெரிகிறது. அதே வேகத்தில் நாய் வந்தாலும் இரண்டு நொடி இருக்கிறது. பக்கத்துக் கானுக்குள் இறங்க அது போதும். 23 சென்டிமீட்டர் உயர்வு, ஒன்றரை மீட்டர் எச்சரிக்கையை 20 மீட்டராக்கிவிட்டது.

வானத்துக்கும் இதே கணக்கு. நாலு காலில் இருக்கும்போது தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரம் வரையான வானத்தைப் புல் மறைத்துவிடுகிறது. உயரத்தில் வட்டமிடும் பருந்து அதற்கு மேலேதான் இருக்கும், அது தெரியும். சரிவைத் தழுவித் தாழ்வாக வரும் கழுகு அந்த 15 பாகைக்குள் ஒளிந்து வந்துவிடும். நிமிர்ந்தால் அந்த மறைப்பு நீங்குகிறது.

“இது சமதரைக் கணக்கு, எங்கள் ஊர் செங்குத்துச் சரிவாயிற்றே” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சரிவு ஒரே சீராக இருக்கும் வரை கணக்கு மாறாது. தரையும் புல்லும் நாயும் பார்வைக் கோடும் எல்லாம் ஒரே அளவில் சாய்வதால், மேல்பக்கத்திலிருந்து வரும் நாயும் கீழ்ப்பக்கத்திலிருந்து வரும் நாயும் அதே ஒன்றரை மீட்டரில்தான் தெரியும். சரிவு முறியும் இடத்தில்தான் வேறுபாடு. கான் கரை, வீதி வெட்டு, கல்லுக்கட்டின் மேல்முனை போன்ற இடங்களில் கீழ்ப்பக்கம் தரை சட்டென்று இறங்குவதால் நிமிராமலே நெடுந்தூரம் தெரியும். அங்கே மேல்பக்கத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே கீரி நிமிர வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு எல்லைகள் கிடைக்கின்றன. மறைப்பு 12 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், உதாரணமாக வெட்டிய விளையாட்டுத் திடலில், நிற்கத் தேவையில்லை. தலையைத் தூக்கினாலே போதும். மறைப்பு 35 சென்டிமீட்டரைத் தாண்டினால் நின்றும் பயனில்லை. அப்போது ஏறிப் பார்க்க வேண்டும். மீர்க்கட்கள் புதர்மீதும் ஆபிரிக்கக் குள்ளக் கீரிகள் கறையான் புற்றின்மீதும் ஏறிக் காவல் இருப்பது அதனால்தான். இரண்டு எல்லைக்கும் நடுவிலுள்ள உயரத்தில்தான் நிமிர்வுக்குப் பயன் உண்டு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளியைச் சுற்றி வருவோம்.

முதலில் வளர்ந்த தேயிலை. கொழுந்து பறிக்கும் மட்டம் இடுப்பளவில் இருக்கிறது. கீரி நிமிர்ந்தாலும் அந்த மட்டத்துக்கு மேலே எட்டாது. ஆனால் மட்டத்துக்கு அடியில் இருக்கும் உலகத்தை எண்ணிப் பாருங்கள். இலை முழுவதும் மேலே. கீழே வெயில் புகாததால் களை குறைவு. அடிமரங்களுக்கு இடையில் தரை திறந்து கிடக்கிறது. 12 சென்டிமீட்டர் உயரத்துக் கண்ணுக்கு அது நீண்ட நடைபாதை. நிமிர்ந்தால் தலை கிளைகளுக்குள் போய்ப் பார்வை குறைந்துவிடும். மேலே இலைக்கூரை இருப்பதால் கழுகுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே வளர்ந்த தேயிலைக்கு அடியில் நாலு காலே சிறந்த நோட்ட நிலை.

அடுத்து, கவ்வாத்து வெட்டிய மலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை ஒன்றரை இரண்டு அடிக்கு வெட்டிவிடுகிறார்கள். கூரை போய்விடுகிறது. வெயில் தரையில் விழுகிறது. சில வாரங்களில் களை எழுகிறது. அந்தக் களை சாண் உயரம் வரும்போது நிமிர்வுக்குப் பயன் உண்டாகிறது. வானமும் திறந்திருப்பதால் தேவையும் கூடுகிறது. பிறகு தளிர் விரிந்து மீண்டும் கூரை மூடும்போது களை அடங்கும், பயனும் மறையும். ஆக ஒரே நம்பர் மலையில், ஒரே கீரி, கவ்வாத்துச் சுற்றின் ஒரு கட்டத்தில் நிற்கவும் மறுகட்டத்தில் நிற்காமலிருக்கவும் காரணம் இருக்கிறது.

மூன்றாவது, மானாப்புல். ஆளுயரத்துக்கு வளர்ந்த மானாவுக்குள் நிற்பது பயனற்றது. கீரி அதன் ஓரத்தில்தான் தென்படும். ஆனால் ஊவாவின் காய்ச்சல் காலத்தில் மானா எரிகிறது. எரிந்த தரையில் மழைக்குப் பிறகு தளிர்ப்புல் ஒரு சாணும் அதற்குச் சற்று மேலும் வளரும் வாரங்களில் அந்தச் சரிவு முழுவதும் நிமிர்வுக்கு ஏற்ற இடமாகிவிடுகிறது.

நான்காவது, லயத்தோர மரக்கறித் தோட்டம். போஞ்சி, கோவா, கிழங்குப் பாத்திகள். செடி உயரம் ஒரு சாணிலிருந்து முழம் வரை. கோழிக்குஞ்சும் எலியும் அங்கே உண்டு, நாயும் அங்கேதான். பயனும் ஆபத்தும் ஒரே இடத்தில் சேர்வதால் கீரியை நிமிர்ந்த கோலத்தில் நீங்கள் கூடுதலாகக் காண்பது லயத்தைச் சுற்றித்தான்.

4. யாருக்காக நிற்கிறது?

இந்த விளக்கத்தின்படி கீரி தனக்காக நிற்கிறது. ஆனால் மீர்க்கட்டைப் பற்றிப் படித்தவர்கள் வேறு கதையைக் கேட்டிருப்பார்கள். கூட்டம் தின்னும்போது ஒன்று பசியோடு காவல் நிற்கிறது, தன் உயிரைப் பணயம் வைத்து மற்றவற்றைக் காக்கிறது என்பது அந்தக் கதை. அது உண்மையானால் நிமிர்வின் காரணம் கூட்டுவாழ்வில் இருக்க வேண்டும். தனியே திரியும் நம் கீரிகள் நிமிர்வதற்குக் காரணமே இருக்காது.

இந்தக் கேள்விக்குக் கலகாரியில் விடை கிடைத்தது. டிம் கிளட்டன்-பிராக்கும் அவர் குழுவினரும் அங்கே மீர்க்கட்களை மனிதருக்குப் பழக்கி, ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, 1990களிலிருந்து பின்தொடர்ந்து வருகிறார்கள். 1999இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் அந்தத் தியாகக் கதையைத் திருத்தின. வயிறு நிறைந்த மீர்க்கட்தான் காவலுக்கு ஏறுகிறது. ஆய்வாளர்கள் கூடுதல் உணவு கொடுத்தபோது அந்த விலங்கு கூடுதலாகக் காவல் நின்றது. காவலில் இருப்பது எதிரியை முதலில் காண்கிறது, பெரும்பாலும் வளைக்கு அருகில் இருப்பதால் முதலில் தப்புகிறது. 2000 மணி நேரத்துக்கு மேல் கவனித்தும் காவல் நின்ற எதையும் எதிரி பிடித்ததை அவர்கள் காணவில்லை. பசி அடங்கியபின், வேறு யாரும் காவலில் இல்லாதபோது, தனக்குப் பாதுகாப்பான செயலும் அதுவே என்பது அவர்கள் கண்ட முடிவு. மற்றவை பயன் பெறுகின்றன என்பது உண்மை. ஆனால் தொடங்கும் காரணம் தன்னலம்.

இத்துடன் நின்றுவிட முடியாது. பீட்டர் சாண்டெமாவும் கிளட்டன்-பிராக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கூட்டத்தோடு குட்டிகள் வெளியே திரியும் நாட்களில், அவற்றைப் பெறாத உதவியாளர்களும் கூடுதலாகக் காவல் நிற்கின்றன. தோண்டும் வேலைக்கு இடையே பின்னங்காலில் எழுந்து பார்ப்பதும் கூடுகிறது. ஆகவே கூட்டுவாழ்வு நிமிர்வின் அளவைக் கூட்டுகிறது. அதன் தொடக்கம் அதற்கு முந்தியது.

நம் கீரிகளுக்கு நெருங்கிய ஒப்பீடு மீர்க்கட்டின் அண்டைவீட்டுக்காரரான மஞ்சள் கீரி. அதுவும் கலகாரியில் வாழ்கிறது, வளையைக் குடும்பத்தோடு பகிர்கிறது, ஆனால் உணவுக்குத் தனியே போகிறது. அலிஸா லெ ரூவும் மார்த்தா மான்சர் உள்ளிட்ட கூட்டாளிகளும் 2009இல் இரண்டையும் ஒப்பிட்டனர். மொத்தக் கவனத்தில் பெரிய வேறுபாடு இல்லை, உயிர் பிழைக்கும் அளவிலும் இல்லை. முறையில்தான் வேறுபாடு. மீர்க்கட் நேரம் செலவாகும் நிமிர்ந்த நோட்டத்தையும் ஒருவரையொருவர் எச்சரிக்கும் குரலையும் நம்புகிறது. மஞ்சள் கீரி மறைவிடத்துக்கு அருகிலேயே இருந்துகொண்டு, தின்பதைக் குலைக்காத சிறு சிறு பார்வைகளைக் கூட்டிக்கொள்கிறது.

நம் மலைநாட்டுக் கீரிகளைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவுகிறது. தனியே திரியும் விலங்குக்கு நிமிர்வின் முழுச் செலவும் தன்னுடையது. நின்ற நேரத்தில் தின்ன முடியாது, நின்றதால் மற்றவர் கண்ணிலும் படும். பதிலுக்கு இன்னொருவர் காவல் காக்கப் போவதில்லை. ஆகவே அது சிக்கனமாகவே நிற்கும். மறைவிடம் அருகில் இருந்தால் நிற்பதையும் தவிர்க்கும். நம் கீரிகள் மீர்க்கட் போல நிமிட நேரம் நிற்காமல் சில நொடிகளில் இறங்கிவிடுவதை இந்தச் செலவுக் கணக்கு விளக்குகிறது.

5. எங்கே இந்த விளக்கம் தவறக்கூடும்?

ஒரு விளக்கத்தைச் சொல்பவர் அது எப்படித் தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். உயரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. நான் காணும் மூன்று இடர்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நம் கண்ணின் பிழை. வளர்ந்த தேயிலைக்குள் இருக்கும் கீரியை நாம் பார்ப்பதே இல்லை. ஆகவே அங்கே அது நிற்பதில்லை என்று சொல்வதற்கு நம் நினைவு போதாது. மட்டத்துக்கு அடியில், தரையோடு ஒரு தானியங்கிக் கமராவை வைத்தால்தான் அது தெரியும். வீதியோரத்தில் நிமிர்வு அதிகம் என்று தோன்றுவதிலும் இதே பிழை உண்டு. நிமிர்ந்த கீரி எளிதில் கண்ணில் படும், நாலு காலில் போவது படாது.

இரண்டாவது, பார்க்கும் மனிதரே காரணமாகிவிடுவது. நம்மைக் கண்டுதான் கீரி நிமிர்ந்திருக்கலாம். அதன் முகம் நேரே நம் பக்கம் நிலைத்திருந்தால் அந்தக் காட்சியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தலையைப் பல பக்கமும் திருப்பி, நம்மைக் கடந்தும் பார்த்தால் சேர்க்கலாம்.

மூன்றாவது, காது. கீரி கண்ணை மட்டும் நம்பி வாழவில்லை. தென்னாபிரிக்காவில் ஜூலி கெர்ன், ஆண்ட்ரூ ராட்ஃபர்ட் இருவரும் குள்ளக் கீரிகளுக்கு வீதி இரைச்சலை ஒலிபரப்பிப் பார்த்தனர். இரைச்சலில் அவை கூடுதலாகச் சுற்றும் முற்றும் பார்த்தன. காது உதவாதபோது கண்ணுக்கு வேலை கூடுகிறது. ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் காற்று தேயிலையையும் சவுக்கையும் ஓயாமல் இரைய வைக்கிறது. அந்த நாட்களில் புல்லின் உயரம் மாறாமலே நிமிர்வு கூடினால், உயரத்தோடு ஒலியையும் என் விளக்கத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே இங்குள்ள ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். கீரியைக் காணும் ஒவ்வொரு முறையும், அது நிமிர்ந்தாலும் நிமிராவிட்டாலும், ஐந்து செய்திகளைக் கொப்பியில் எழுதுங்கள்: இடம், அதைச் சுற்றியிருந்த செடி அல்லது புல்லின் உயரம், மிக அருகிலிருந்த மறைவிடத்தின் தூரம், காற்றின் நிலை, கடைசியாக அது என்ன செய்தது என்பது. கீரி போனபின் அந்த இடத்துக்குச் சென்று புல்லை அடிமட்டத்தால் அளவிடுங்கள். உத்தேசமாக எழுத வேண்டாம். நிமிராத முறைகளை விடாமல் எழுதுவது மிக முக்கியம், அவை இல்லாமல் ஒப்பிட முடியாது. பொறி வைக்க வேண்டாம், நாயை ஏவ வேண்டாம், உணவு போட்டு வரவழைக்கவும் வேண்டாம். உணவு போட்டால் அது எங்கே நிற்கிறது என்பதை நாம் தீர்மானித்துவிடுவோம்.

கவ்வாத்து வெட்டும் நாளை மலையில் வேலை செய்யும் தாய்மார் முன்கூட்டியே அறிவீர்கள். வெட்டுவதற்கு முன்பும், வெட்டி முதல் களை எழும்போதும், கூரை மீண்டும் மூடும்போதும் ஒரே மலையைக் கவனிக்க உங்களால் முடியும். கலகாரி ஆய்வாளர்களுக்குக் கிடைக்காத வசதி இது. அவர்களின் பாலைநிலத்தில் புல்லின் உயரத்தை மழைதான் மாற்றுகிறது. இங்கே மறைப்பின் உயரம் ஒரு கத்தியால், தெரிந்த நாளில், தெரிந்த எல்லைக்குள் மாற்றப்படுகிறது. பக்கத்து மலை வெட்டப்படாமல் இருப்பதால் ஒப்பிடவும் இடம் இருக்கிறது.

என் கணிப்பைத் தெளிவாக வைத்து முடிக்கிறேன். ஒரு சாணுக்குச் சற்று முன்பின்னான புல்லிலும் களையிலும் நிமிர்வு கூடுதலாக இருக்க வேண்டும். வெட்டிய திடலிலும், முழங்காலுக்கு மேல் வளர்ந்த புல்லிலும், வளர்ந்த தேயிலைக்கு அடியிலும் அது அரிதாக இருக்க வேண்டும். உங்கள் கொப்பிகள் வேறு ஒழுங்கைக் காட்டினால், உதாரணமாகத் தேயிலைக்கு அடியில் வைத்த கமராவில் கீரி அடிக்கடி நிமிர்வது பதிவானால், மறைப்பின் உயரம் என்ற என் விளக்கம் தவறு, வேறொன்றைத் தேட வேண்டும். அந்தத் தீர்ப்பைச் சொல்லத் தேவையான எல்லாம் இந்த ஊரில் இருக்கிறது.